மென்பொருளின் பெயர் விளங்க வேண்டும்

"கணக்கு டேலி ஆயிடுச்சா?" சேலம், நாமக்கல் மாவட்டங்களில் எந்தச் சிற்றாலையின் அலுவலக அறையிலும் மாலை ஆறு மணிக்குக் கேட்கும் கேள்வி இது. ஜவ்வரிசி ஆலையானாலும், விசைத்தறிக் கூடமானாலும், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையானாலும், முதலாளி வீட்டுக்குக் கிளம்பும் முன் இதைக் கேட்காமல் போவதில்லை. கையிருப்பும் ஏட்டிலுள்ள தொகையும் ஒத்துப்போவதற்கு 'டேலி ஆகிறது' என்று சொல்லும் வழக்கம் கணினி வருவதற்கு முன்பே நம் கணக்குப்பிள்ளைகளிடம் இருந்தது. பேரேட்டில் சிவப்பு மையால் கோடு கிழித்துக் கூட்டல் போட்ட காலத்திலும் அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

இந்தியச் சிறு தொழில்களில் மிகப் பரவலாகப் பயன்படும் கணக்கு மென்பொருளின் பெயரும் அதுவே. சிறு ஆலைகளுக்கு மென்பொருள் செய்வோர் அதற்குப் பெயர் வைக்கும்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் நாட்டில் இல்லை என்று கருதுகிறேன்.

ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற தொழில் முனைவர் ஆலைகளுக்கும் நூற்பாலைகளுக்கும் மூலப்பொருள்களும் இயந்திர உதிரிபாகங்களும் விற்று வந்தார். தம் வணிகத்தின் கணக்கைச் சரியாகப் பராமரிக்க ஏற்ற மென்பொருள் கிடைக்காததால், கணிதம் படித்த தம் மகன் பரத் கோயங்காவிடம் ஒன்றை எழுதச் சொன்னார். 1986-இல் அந்த முயற்சி தொடங்கியது. நிறுவனத்தின் பெயர் பியூட்ரானிக்ஸ். மென்பொருளுக்கு முதலில் இட்ட பெயர் 'பியூட்ரானிக்ஸ் ஃபைனான்ஷியல் அக்கவுண்டன்ட்'. அது பின்னாளில் 'டேலி' ஆயிற்று. 1999-இல் நிறுவனமே தன் பழைய பெயரை விட்டுவிட்டு, மென்பொருளின் பெயரைத் தன் பெயராக ஏற்றுக்கொண்டது.

வாங்குபவர் முன்பே பேசிக்கொண்டிருந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டதுதான் அந்தப் பெயரின் வலிமை. உள்ளே நுழைந்தாலும் அதே நிலைதான். திரையில் தெரிந்த 'லெட்ஜர்', 'வவுச்சர்', 'டே புக்' ஆகிய சொற்கள் தாளில் எழுதிய கணக்குப்பிள்ளைக்கு அன்றாடம் பழகியவை. அதனால்தான் கணினியையே முதன்முதலாகத் தொட்டவர்களும் அதை அஞ்சாமல் கற்றார்கள். இன்றைக்கும் 'டேலி தெரிந்தவர் தேவை' என்று ஆலை வாயிலில் அட்டை தொங்குகிறது. ஒரு மென்பொருளின் பெயர் ஒரு தகுதியின் பெயராகவே மாறிவிட்டது.

இதையெல்லாம் நான் எண்ணிப் பார்க்கக் காரணமானவர் என் பழைய மாணவர் ஒருவர். பொருளியல் படித்துவிட்டு, பிறகு கணினி கற்று, ஊரிலேயே தங்கி நான்கைந்து பேருடன் மென்பொருள் செய்து வருகிறார். ஜவ்வரிசி ஆலைகளுக்கென்று ஒரு மென்பொருளை முடித்துவிட்டு, சில மாதங்களுக்கு முன்பு என் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, எல்லாம் தயார். பேர் மட்டும் நீங்க கேட்டுச் சொல்லணும்" என்றார். அவர் வைத்திருந்த பெயர் 'நெக்ஸ்டார்ச்'. ஆங்கிலத்தில் 'அடுத்தது' என்ற சொல்லையும் 'மாவுச்சத்து' என்ற சொல்லையும் ஒன்றின் வாலை மற்றொன்றின் தலையில் ஒட்டிச் செய்தது. கேட்டதும் நானும் ரசித்தேன், மறுக்கவில்லை. அது விற்குமா என்பதை ஆலைக்காரர்களிடமே கேட்டுவிடுவோம் என்று இருவரும் ராசிபுரம் பக்கம் புறப்பட்டோம்.

அங்கே நடந்ததைச் சொல்லும் முன், ஜவ்வரிசி ஆலையின் கொள்முதல் முறையை வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. மரவள்ளிக் கிழங்கை எடைக்கு மட்டும் விலை போடுவதில்லை. லோடு வந்ததும் எடைமேடையில் ஏற்றி எடை பார்ப்பார்கள். பிறகு மாதிரி எடுத்து, கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று அளப்பார்கள். அந்த அளவுக்கு எங்கள் பகுதியில் 'பாயிண்ட்' என்று பெயர். ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று அன்றைய விலை நிலவும். கணக்கு எளிதாக இருக்க, பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25 பாயிண்ட் உள்ள கிழங்கு டன்னுக்கு 7,500 ரூபாய் பெறும். எட்டு டன் லோடு என்றால் விவசாயிக்குச் சேர வேண்டியது 60,000 ரூபாய்.

நாங்கள் சென்ற ஆலைகளுள் ஒன்றில் வேறொரு நிறுவனத்தின் மென்பொருள் இருந்தது. அதில் கொள்முதல் திரையில் பாயிண்டுக்கு உரிய கட்டத்தின் தலைப்பு 'யீல்டு' என்று இருந்தது. செய்தவர் எங்கோ நகரத்தில் இருந்து, நூலில் படித்த சொல்லைப் போட்டிருக்க வேண்டும். ஆனால் ஆலையில் 'யீல்டு' என்றால் வேறு பொருள். ஒரு நாளில் அரைத்த கிழங்கிலிருந்து உண்மையில் எவ்வளவு மாவு இறங்கியது என்பதைத்தான் அங்கே அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். அது எப்போதும் பாயிண்டைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அரைப்பிலும் கழுவலிலும் கொஞ்சம் போய்விடுமல்லவா?

புதிதாக வேலைக்குச் சேர்ந்த கணக்காளர் பெண், தலைப்பைப் படித்து அதன்படியே நேர்மையாக எண்ணை இட்டிருக்கிறார். வாயிலில் அளந்த 25-க்குப் பதிலாக, முந்தைய நாள் மாவு இறங்கிய கணக்கான 23 பதிவாகிவிட்டது. டன்னுக்கு 6,900 ரூபாய். எட்டு டன்னுக்கு 55,200 ரூபாய். விவசாயிக்கு 4,800 ரூபாய் குறைந்தது. அவர் கையில் பாயிண்ட் எழுதிய சீட்டு இருந்ததால் மறுநாள் வந்து சண்டை போட்டு வாங்கிப் போனார். சீட்டைத் தொலைத்தவர்கள் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்? கணக்குத் தவறவில்லை, இயந்திரம் தவறவில்லை. ஒரு கட்டத்தின் பெயர்தான் தவறியது. பெயர் என்பது விளம்பரத்துக்கான அலங்காரம் மட்டும் அன்று என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

அதே ஆலையின் முதலாளியிடம் 'நெக்ஸ்டார்ச்' என்ற பெயரைச் சொன்னோம். "நெக்ஸ்ட்... ஆர்ச்சுங்களா? வளைவு கட்டுறதுங்களா?" என்று கேட்டார். பெயரைத் தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியபோது புன்னகைத்தார், நயம் புரிந்துவிட்டது. ஆனால், "இது என்ன செய்யுங்க சார்?" என்று மறுபடியும் கேட்டார். அன்று ஏழு பேரிடம் சொன்னோம். எழுதிக் காட்டாமல் விளங்கிக்கொண்டவர் ஒருவரும் இல்லை.

எங்கள் மாணவர் சோர்ந்துபோனார். எனக்கு வியப்பில்லை. பிலிப் நெல்சன் என்ற பொருளியலறிஞர் 1970-இல் பொருள்களை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். வாங்கும் முன்பே தேடிப் பார்த்துத் தரம் அறியக்கூடியவை ஒரு வகை. வாங்கிப் பயன்படுத்திய பின்பே தரம் தெரிபவை மற்றொரு வகை. துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். ஆலை மென்பொருள் அப்படியன்று. ஒரு பருவம் முழுவதும் ஓட்டிப் பார்த்தால்தான் அது உதவுமா என்பது தெரியும். அதற்குள் பணமும் போயிருக்கும், பழைய ஏட்டை விட்டுவிட்டதால் திரும்பும் வழியும் அடைபட்டிருக்கும். ஆகவே வாங்குபவர் கைக்கு எட்டும் சிறு தடயங்களைக் கொண்டே முடிவு செய்கிறார். பக்கத்து ஆலைக்காரர் சொல் முதல் தடயம், பெயர் அடுத்தது. 'என் வேலை இவனுக்குத் தெரியுமா?' என்பதுதான் அவர் மனத்தில் எழும் கேள்வி. நயமான பெயர் அதற்கு விடை தருவதில்லை.

பக்கத்து ஆலைக்காரர் சொல்லும் பெயரின் வழியேதான் பரவுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. இங்கே மென்பொருள் விற்பது பெரும்பாலும் தொலைபேசியிலும் தேநீர்க் கடையிலும் திருமண மண்டபத்திலும். ஒருவர் சொல்லி மற்றவர் காதில் விழுந்து, அவர் அதைத் தம் கணக்காளரிடம் சொல்லி, கணக்காளர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று வாய் மாறியும் உருக்குலையாத பெயரே பிழைக்கும்.

அடுத்தபடி என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். தூய தமிழில் வைத்தால் விளங்கிவிடும் என்று எண்ணி, 'மரவள்ளிக் கொள்முதல் மேலாண்மை' என்ற பெயரை நான் முன்மொழிந்தேன். ஓர் ஆலையின் கணக்காளர் அடக்க முடியாமல் சிரித்தார். "அரசாங்க ஆபீஸ் போர்டு மாதிரி இருக்குங்க சார்" என்றார். சொற்கள் ஒவ்வொன்றும் தமிழ்தான். ஆனால் அந்த அறையில் யாரும் பேசும் தமிழ் அன்று. "அப்படியென்றால் நீங்கள் இதை என்னவென்று சொல்வீர்கள்?" என்று கேட்டேன். அவர் சற்றும் யோசிக்காமல், "கிழங்குக் கணக்கு" என்றார்.

ஏழு பேரில் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படாத பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் இங்கேதான் இரண்டாவது சிக்கல் தொடங்குகிறது. விளங்கும் பெயர் யாருக்கும் உரிமையாவதில்லை.

நம் நாட்டின் வணிகக் குறிகள் சட்டம், 1999-இன் ஒன்பதாவது பிரிவு, ஒரு பொருளின் வகை, தரம், பயன், தோன்றிய ஊர் முதலியவற்றை மட்டும் குறிக்கும் சொற்களைப் பதிவு செய்ய இடம் தருவதில்லை. நெடுங்காலம் பயன்பட்டு, அந்தச் சொல்லைக் கேட்டதும் மக்கள் ஒரே நிறுவனத்தை நினைக்கும் நிலை வந்திருந்தால் மட்டும் விலக்கு உண்டு. இது நியாயமான விதிதான். 'கிழங்குக் கணக்கு' என்ற சொல்லை ஒருவர் தமதாக்கிக்கொண்டால், மற்றவர் தம் பொருள் என்ன செய்யும் என்பதையே சொல்ல முடியாமல் போகும். ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு அதன் விளைவு கடுமையானது. அவர் மூன்றாண்டு உழைத்து நற்பெயர் ஈட்டிய பின், வேறொருவர் அதே பெயரில் மட்டமான சரக்கை விற்றால் தடுப்பது அரிது.

புரியாத பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு எளிது, ஆனால் விற்காது. புரியும் பெயர் விற்கும். ஆனால் பாதுகாப்பு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. பெயரை இரண்டு துண்டாக்குவது. முன்துண்டு நிறுவனத்தின் அடையாளச் சொல். அது பதிவு செய்யத் தக்கதாக, சிறியதாக இருக்க வேண்டும். பின்துண்டு செய்யும் வேலையைச் சொல்லும் வெறும் சொல். தமிழ்நாட்டில் வேர்கொண்ட சோஹோ நிறுவனம் இதைத்தான் செய்கிறது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய அந்நிறுவனம் 2009-இல் சோஹோ ஆயிற்று. அதன் கணக்கு மென்பொருள் 'சோஹோ புக்ஸ்'. சம்பள மென்பொருள் 'சோஹோ பேரோல்'. பட்டியல் போடுவது 'சோஹோ இன்வாய்ஸ்'. 'சோஹோ' என்பதற்கு வாங்குபவர் பொருள் தேட வேண்டியதில்லை. வேலையைப் பின்சொல் சொல்லிவிடுகிறது.

பெரிய நிறுவனங்களும் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வருகின்றன. டென்மார்க்கில் பிறந்த 'நேவிஷன்' என்ற தொழில் மென்பொருளை மைக்ரோசாஃப்ட் 2002-இல் வாங்கியது. சில ஆண்டுகளில் அதை 'டைனமிக்ஸ் என்.ஏ.வி.' என்று மாற்றியது. மூன்றெழுத்தில் என்ன விளங்கும்? 2018-இல் அதன் வழித்தோன்றலுக்கு 'பிசினஸ் சென்ட்ரல்' என்று எளிய பெயர் வைத்தார்கள்.

எங்கள் மாணவர் முன்துண்டுக்குத் 'தராசு' என்ற சொல்லைத் தேர்ந்தார். கிழங்கு ஆலையில் எல்லாம் எடையில் தொடங்குவதால் அது பொருத்தமானது. அதே வேளையில் மென்பொருளின் வேலையை நேராக வருணிப்பதும் அன்று. 'கஞ்சமலை' என்று நம் மலையின் பெயரை வைக்கலாமா என்று நான் கேட்டேன். ஊரையும் இடத்தையும் சுட்டும் சொற்களுக்கும் சட்டம் தடை எழுப்பக்கூடும் என்பதால் அதைக் கைவிட்டோம். ஆகப் பெயர், 'தராசு கிழங்குக் கணக்கு'.

தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தவுடன் ஒரு நடைமுறைத் தொல்லை வந்தது. மின்னஞ்சல் முகவரியும் இணைய முகவரியும் ஆங்கில எழுத்தில்தான் வேண்டும். 'தராசு' என்பதை ஒருவர் Tharasu என்று எழுதுவார், மற்றவர் Tarasu என்பார், மூன்றாமவர் Tharaasu என்பார். எங்கள் ஏழு பேரிடமும் செல்பேசியில் தட்டச்சுச் செய்து காட்டச் சொன்னோம். பெரும்பாலோர் எழுதியது முதல் வடிவம். அதையே முதன்மையாகக் கொண்டு, மற்ற இரண்டு வடிவங்களிலும் இணைய முகவரி வாங்கி, யார் எதைத் தட்டினாலும் ஒரே இடத்துக்கு வருமாறு செய்தார். பெயர்ப் பலகையிலும் ரசீதிலும் தமிழ் எழுத்தே முதலில் நிற்கிறது. தமிழில் பெயர் வைப்போர் இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது. ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதும் சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கத்தக்கதே.

பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன், வணிகக் குறிப் பதிவகத்தின் இணையத் தேடலில் அந்தச் சொல்லை எழுத்தாலும் ஒலியாலும் தேட வேண்டும். எழுத்து வேறானாலும் ஒலி ஒத்திருந்தால் மறுப்பு வரலாம் என்பதால் ஒலித் தேடல் இன்றியமையாதது. தேடும்போது வகுப்பையும் கவனிக்க வேண்டும். கணினியில் பதிவிறக்கி நிறுவும் மென்பொருள் 9-ஆம் வகுப்பு. இணையம் வழியே வாடகைக்குத் தரும் மென்பொருள் 42-ஆம் வகுப்பு. இரண்டு விதமாகவும் விற்பவர் இரண்டிலும் கேட்க வேண்டும். சிறு தொழில் நிறுவனங்களுக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணமாக வகுப்புக்கு 4,500 ரூபாய் விதிக்கப்பட்டுள்ளது. ஆய்வு முடிந்து இதழில் வெளியான பின், மறுப்புத் தெரிவிக்க மற்றவர்களுக்கு நான்கு மாத அவகாசம் உண்டு. பதிவானால் பத்தாண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். முழுப் பெயரும் பதிவானாலும், 'கிழங்குக் கணக்கு' என்ற பொதுச் சொல்லில் தனியுரிமை கிடைக்காது. 'தராசு'க்குத்தான் உண்மையான காவல். எனவே பதிவுக்கு அந்த ஒற்றைச் சொல்லையே கொடுப்பது நல்லது.

தெளிவான பெயருக்கும் ஓர் எல்லை உண்டு. இன்றைய தேவையை அப்படியே பெயரில் எழுதிவிட்டால் நாளை அது கட்டிப்போடும். தமிழ்நாட்டில் 2007 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. முதல் வரியின் பெயரைத் தன் பெயரில் சுமந்த எந்த மென்பொருளும் ஒரே நாளில் பழஞ்சரக்காகத் தோன்றியிருக்கும். வரி மாறும், படிவம் மாறும்; கிழங்கும் தறியும் கூலியும் இருக்கும். ஆகவே பின்துண்டில் தொழிலின் சொல்லை வைக்கலாம். சட்டத்தின் சொல்லை வைக்கக் கூடாது.

இரட்டைப் பெயரின் பயன் அங்கும் தெரிந்தது. இப்போது எங்கள் மாணவர் குமாரபாளையத்து விசைத்தறிக்காரர்களுக்கும் ஒரு மென்பொருள் செய்கிறார். பாவு எத்தனை, ஊடை எவ்வளவு, கூலி என்ன என்பதுதான் அங்கே கணக்கு. அதற்குத் 'தராசு தறிக் கணக்கு' என்று பெயர். 'கிழங்குக் கணக்கு' என்று மட்டும் வைத்திருந்தால் தறிக்காரர் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார். முன்சொல் தொடர்வதால், 'கிழங்குக்காரர்கள் வைத்திருக்கிறார்களே, அதே தராசா?' என்று கேட்கிறார்கள்.

இவ்வளவும் வெளிப்பெயரைப் பற்றியது. அந்த 4,800 ரூபாய் குறைந்ததோ உள்ளே இருந்த பெயரால். எனவே மாணவர் வெளிப்பெயரோடு நிற்கவில்லை. திரையில் உள்ள ஒவ்வொரு தலைப்பையும் அச்சிட்டு, மூன்று ஆலைகளின் கணக்காளர்களிடம் கொடுத்து, "இந்தக் கட்டத்தில் எந்த எண்ணை எழுதுவீர்கள்?" என்று கேட்டார். மூவரும் ஒரே எண்ணைச் சொன்ன தலைப்புகள் நின்றன. ஒருவர் தயங்கினாலும் தலைப்பு மாறியது. 'இன்வென்டரி' என்பது 'ஸ்டாக்' ஆயிற்று. 'வருகைப் பதிவு' ஆலையாள் வருகையா லோடு வருகையா என்று குழப்பியதால் 'லோடு வரவு' ஆயிற்று. கொள்முதல் திரையில் 'வாயில் பாயிண்ட்' என்றும், உற்பத்தித் திரையில் 'இறங்கிய மாவு' என்றும் இரண்டு பெயர்கள் தனித்தனியே நிற்கின்றன. 'யீல்டு' என்ற சொல் எங்குமே இல்லை.

தமிழ் ஆர்வலர்கள் சிலர் 'ஸ்டாக்', 'லோடு', 'பாயிண்ட்' என்று எழுதுவதைக் கண்டு முகம் சுளிக்கக்கூடும். நல்ல தமிழ்ச் சொற்கள் புழக்கத்துக்கு வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் விவசாயியின் பணத்தைத் தீர்மானிக்கும் ஒரு கட்டம் அந்தச் சோதனைக்கு உரிய இடம் அன்று. அங்கே எழுதுபவரும் படிப்பவரும் பணம் பெறுபவரும் ஒரே பொருளைக் கொள்ளும் சொல்லே சரியான சொல்.

அண்மையில் அந்த ஆலைக்கு மீண்டும் சென்றிருந்தேன். அச்சான சீட்டு ஒன்றைக் கணக்காளர் பெண் நீட்டினார். எடை, வாயில் பாயிண்ட், பாயிண்ட் விலை, தொகை என்று நான்கே வரிகள். அதை வாங்கிய முதிய விவசாயி, கண்ணாடி அணிந்து மெல்ல வாசித்து, விரல் விட்டு ஒரு முறை பெருக்கிப் பார்த்தார். "சரியா இருக்குதும்மா" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். மென்பொருளின் பெயரை அவர் படித்ததாகத் தெரியவில்லை. அவர் படிக்க வேண்டியதைப் படித்துவிட்டார்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், பணி நிறைவு)